ஈரச் சாலையில் ஓடும்போது கால் எங்கே, ஏன் வழுக்குகிறது?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். ஜனவரி மராத்தானுக்காகக் காலை 5 மணிக்கு ஓடுகிறேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம், கேடன்ஸ் நிமிடத்துக்கு 160 அடி. மழை தொடங்கியதிலிருந்து இரண்டு முறை வழுக்கிவிட்டது. ஒன்று ஜீப்ரா கிராஸிங் மேல் திரும்பும்போது, இன்னொன்று பேவர் பிளாக் நடைபாதையில். டிரெயில் ஷூ வாங்கினால் சரியாகுமா? அடியின் நீளத்தைக் குறைத்து வை என்கிறார்கள், எவ்வளவு குறைப்பது? இருட்டில் வண்டிக்காரர்கள் கண்ணில் பட என்ன செய்யலாம்?

பதில்:

டிரெயில் ஷூ வேண்டாம். தார்ச்சாலையில் அது உங்கள் நிலைமையை இன்னும் கெடுக்கவே வாய்ப்பு அதிகம். காரணம் கீழே வருகிறது. அதற்கு முன் நீங்கள் வழுக்கிய இரண்டு இடங்களையும் பார்ப்போம், ஏனென்றால் இரண்டுமே தார் அல்ல.

தார்ச்சாலை மழையில் நனைந்தாலும் ஓடுவதற்குப் போதுமான பிடிமானம் தரும். தாருக்குள் பதிந்திருக்கும் ஜல்லிக்கற்களின் முனைகள் தண்ணீர்ப் படலத்தைத் துளைத்து வெளியே நிற்கின்றன. கற்களுக்கு நடுவே இருக்கும் குழிகளுக்குள் தண்ணீர் ஒதுங்கிவிடுகிறது. அதனால் ரப்பர் நேராகக் கல்லைத் தொடுகிறது. ஜீப்ரா கிராஸிங்கின் வெள்ளைப் பட்டை அப்படி இல்லை. சூடாக உருக்கி ஊற்றும் அந்தப் பூச்சு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஜல்லியின் மேடுபள்ளங்களை அது மூடி வழவழப்பாக்கிவிடும். ஒதுங்க இடமில்லாத தண்ணீர் ஷூவுக்கும் பட்டைக்கும் நடுவிலேயே மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. மேன்ஹோல் இரும்பு மூடி, பாலங்களில் குறுக்கே வரும் இரும்பு இணைப்புப் பட்டை, கடை வாசலில் போட்டிருக்கும் கிரானைட், டைல்ஸ், வெள்ளை மஞ்சள் பூசிய வேகத்தடை ஆகிய எல்லாவற்றிலும் இதே கதைதான்.

பேவர் பிளாக்கின் சிக்கல் வேறு. புதிதாக இருக்கும்போது அது சொரசொரப்பாகத்தான் இருக்கும். மர நிழலில், வெயில் படாத ஓரத்தில், மழை தொடங்கிய சில வாரங்களில் அதன் மேல் பாசி பிடிக்கும். பச்சையாகத் தெரிந்தால் பிழைத்தோம். பல இடங்களில் அது கறுத்துப்போய் வெறும் ஈரம் போலத்தான் தெரியும், தெருவிளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. பாசியின் மேல் எந்த ஷூவும் நிற்காது. வடகிழக்குப் பருவமழைக் காலம் முடியும்வரை, இருட்டில் ஓடும் நாட்களில் நிழல் விழும் நடைபாதைகளை உங்கள் வழியிலிருந்து எடுத்துவிடுவதே சரி.

மழையின் நேரமும் முக்கியம். அடித்துப் பெய்யும் மழையைவிட, பல நாள் காய்ந்த சாலையில் விழும் முதல் தூறல் மோசமானது. வண்டிகள் சிந்திய எண்ணெயும் டயர் தேய்ந்த தூசியும் புழுதியும் அந்தக் கொஞ்சத் தண்ணீரோடு குழைந்து மேலே வந்து நிற்கும். சிக்னலில் வண்டிகள் நிற்கும் இடம், பேருந்து நிறுத்தம், ஆட்டோ ஸ்டாண்ட், பெட்ரோல் பங்க் வாசல் ஆகியவற்றில் இது அதிகம். நல்ல மழை ஒரு அரை மணி நேரம் அடித்துக் கழுவிய பிறகு அதே சாலை எவ்வளவோ மேல். சென்னையில் மழை விட்டுவிட்டுத்தான் பெய்யும், நடுவில் நாலைந்து நாள் காயும். ஆகவே இந்த 'முதல் தூறல்' சீசனுக்கு ஒரு முறை வந்துபோகும் விஷயம் அல்ல, பல முறை வரும்.

இனி அடியின் நீளம். குறைத்து வை என்று சொல்பவர்கள் காரணத்தைச் சொல்வதில்லை, அதனால் பலர் வெறுமனே மெதுவாக ஓடுகிறார்கள். மெதுவாக ஓடியும் பாதத்தை முன்னால் நீட்டி வைத்தால் பயன் குறைவு. பாதம் தரையைத் தொடும்போது அது உடலுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தரையை முன்பக்கமாகத் தள்ளுகிறது. அந்த முன்தள்ளலைத் தாங்குவது உராய்வு மட்டும்தான். இடுப்பு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாதம் இடுப்புக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலின் சாய்வை மட்டும் பார்த்தால், கீழ்நோக்கி அழுத்தும் விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முன்னால் தள்ளுகிறது, அதாவது 0.33. பாதம் 18 சென்டிமீட்டர் முன்னால் மட்டும் விழுந்தால் அது 0.2 ஆகக் குறையும். உடலின் விசை அப்படியே காலின் கோட்டில் போவதில்லை என்பதால் இது தோராயக் கணக்குதான், ஆனால் திசையைச் சரியாகக் காட்டும். ஈரத் தார்ச்சாலையில் நல்ல ரப்பருக்குச் சுமாராக 0.5 அளவுக்கு உராய்வு கிடைக்கும், ஆகவே 0.33 கேட்டாலும் கொடுத்துவிடும். ஈரமான வெள்ளைப் பட்டையிலும் இரும்பு மூடியிலும் அது 0.2, 0.3 என்று இறங்கிவிடலாம். நீட்டி வைத்த கால் அங்கேதான் முன்னால் சறுக்குகிறது. முன்னால் சறுக்கினால் விழுவது பின்பக்கமாக. வாலெலும்பும் மணிக்கட்டும் பின்மண்டையும் அடிபடும்படி விழுவது அது. தள்ளி எழும்பும்போது கால் பின்னால் சறுக்குவது இந்த அளவுக்கு ஆபத்தானது இல்லை, பெரும்பாலும் ஒரு தடுமாற்றத்தோடு போய்விடும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 167 மீட்டர். கேடன்ஸ் 160 என்பதால் ஒவ்வொரு அடியும் 1.04 மீட்டர். மழை நாளில் கேடன்ஸை 170 ஆக்கி, பேஸைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 வினாடிக்கு இறக்குங்கள். நிமிடத்துக்கு 154 மீட்டர், ஒரு அடி 90 சென்டிமீட்டருக்குப் பக்கம். அடிக்கு 14 சென்டிமீட்டர் குறைகிறது. பேஸை மட்டும் குறைத்துக் கேடன்ஸை 160-லேயே விட்டிருந்தால் அடி 96 சென்டிமீட்டர்தான் ஆகியிருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றும்போதுதான் பாதம் உடலுக்கு அடியில் வந்து விழ ஆரம்பிக்கும்.

170 என்பது உங்களுக்கு ஆறு சதவீத உயர்வு. அதற்கு மேல் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். கேடன்ஸ் திடீரென்று கூடினால் ஆடுதசைக்கும் குதிகால் தசைநாருக்கும் வேலை கூடும், அடுத்த இரண்டு நாள் படியிறங்கும்போது தெரியும். இதைக் காய்ந்த நாளில் பழகுங்கள். மெட்ரோனோம் செயலியில் 170 வைத்து, 10 நிமிடம் சாதாரணமாக, 2 நிமிடம் அந்தத் தாளத்தில் என்று மாற்றி மாற்றி ஓடினால் இரண்டு மூன்று வாரத்தில் கால் பிடித்துக்கொள்ளும். மழையில் முதன்முறையாக முயன்றால் பயமும் சேர்ந்து உடம்பை விறைக்க வைக்கும்.

பாதம் வைக்கும் விதம்: குதிகால் முனையும் வேண்டாம், விரல் நுனியும் வேண்டாம். முழுப் பாதமும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கட்டும், அடிப்பாகத்தின் பெரும்பகுதி தரையில் படும். முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும். பின்னால் உதைத்துத் தள்ளுவதற்குப் பதிலாகக் காலைத் தூக்கி எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கைகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உடம்பிலிருந்து விலகி இருந்தால் தடுமாறும்போது சமநிலைக்கு உதவும். பார்வை ஐந்தாறு மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். காலடியைப் பார்த்தே ஓடினால் மேன்ஹோல் மூடி கண்ணில் படும்போது ஏற்கனவே அதன் மேல் இருப்பீர்கள்.

சரியாகச் செய்கிறோமா என்பதைக் காதும் உடம்பும் சொல்லும். ஒவ்வொரு அடியிலும் 'சர்' என்று ஒரு சின்ன இழுபடும் சத்தம் கேட்டால் இன்னும் நீட்டி வைக்கிறீர்கள் அல்லது ரப்பர் போய்விட்டது. மறுநாள் தொடையின் உட்பக்கம் வலித்தால், நீங்கள் கவனிக்காமலேயே கால் பக்கவாட்டில் சிறிது சிறிதாகச் சறுக்கியிருக்கிறது, அதை அந்தத் தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று பொருள். அடுத்த ஓட்டத்தில் வேகத்தைக் குறைக்க அதுவே போதுமான காரணம்.

ஜீப்ராவில் உங்களை வழுக்க வைத்தது அடியின் நீளம் மட்டும் அல்ல, திருப்பமும்தான். திரும்பும்போது தரை உங்களைப் பக்கவாட்டிலும் பிடித்து நிறுத்த வேண்டும். 2 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டுக்கு மட்டுமே ஏறக்குறைய 0.4 தேவை. வெள்ளைப் பட்டையில் அது கிடைக்காது. அதே திருப்பத்தை மணிக்கு 7 கிலோமீட்டரில் எடுத்தால் 0.2-க்கும் கீழே வந்துவிடும், ஏனென்றால் தேவை வேகத்தின் வர்க்கத்தில் குறைகிறது. வேகத்தைக் குறைக்காமல் 4 மீட்டர் ஆரத்தில் அகலமாக வளைந்தாலும் 0.2-க்குப் பக்கம் வரும், ஆனால் விடிகாலையில் அந்த அகலம் வண்டிகள் வரும் பாதைக்குள் உங்களைக் கொண்டுபோய்விடும். ஆகவே வேகத்தைக் குறையுங்கள். முக்கியமாக, திருப்பத்துக்கு முன்பே, தார் மேல் இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். பட்டையின் மேல் நின்றுகொண்டு பிரேக் போட்டால் முன்தள்ளலும் பக்கத்தள்ளலும் ஒன்றுசேர்ந்துவிடும்.

ஜீப்ராவின் வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே சுமார் அரை மீட்டர் கறுப்புத் தார் இருக்கிறது. சாலையின் போக்கிலேயே ஓடும்போது அந்தக் கறுப்புச் சந்தில் நேராகப் போய்விடலாம். சாலையைக் கடக்க வேண்டுமானால் அந்த நான்கைந்து அடியை நடந்து, கறுப்பில் கால் வைத்துப் போங்கள். தவிர்க்கவே முடியாத இரும்பு மூடியோ இணைப்புப் பட்டையோ வந்தால் ஒரே விதிதான்: அதன் மேல் இருக்கும் அடியில் திரும்பக் கூடாது, பிரேக் போடக் கூடாது, வேகம் கூட்டக் கூடாது. நேராக, கால் உடலுக்கு அடியில் விழும்படி கடந்துவிடுங்கள்.

இப்போது ஷூ. டிரெயில் ஷூவின் அடியில் இருக்கும் 4, 5 மில்லிமீட்டர் முட்கள் சேற்றுக்கும் மண்ணுக்கும் உரியவை. மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. இரும்பு மூடிக்குள்ளோ டைல்ஸுக்குள்ளோ இறங்க முடியாது. அங்கே முட்களின் நுனிகள் மட்டுமே தொடும், தொடும் பரப்பு குறையும். கடினத் தரையில் அந்த முட்கள் வளைந்து ஆட்டமும் கொடுக்கும். ஓடுபவரின் வேகத்தில் கார் டயர் போலத் தண்ணீரில் மிதக்கும் பிரச்சினையும் பெரிதாக இல்லை, எனவே தண்ணீரை வெளியேற்ற ஆழமான பள்ளங்கள் தேவையில்லை. வேண்டியது மென்மையான ரப்பர், அது தரையில் பரவலாகப் படுவது, ஓரங்கள் கூர்மையாக இருப்பது.

ஷூவைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வகைப் பரப்பு இருக்கும். கையால் அழுத்தினால் சற்றே அமுங்கும் மென்மையான ரப்பர், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். குதிகால் பக்கம் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும் கடினமான கார்பன் ரப்பர், அதிக நாள் உழைக்கும், ஆனால் ஈர டைல்ஸில் சறுக்கும். ரப்பரே இல்லாமல் நுரை வெளியே தெரியும் இடங்கள், எடையைக் குறைக்க அப்படி விட்டிருப்பார்கள். ஈரத்தில் மிகவும் வழுக்குவது இந்த நுரைதான். முன்பாதத்தின் கீழ் நல்ல ரப்பர் அகலமாக இருக்கும் சாதாரண ரோடு ஷூ உங்களுக்குப் போதும். அடிடாஸில் சில மாடல்களில் வரும் கான்டினென்டல் ரப்பர், பூமாவின் பூமாகிரிப், ஆசிக்ஸின் ஆசிக்ஸ்கிரிப் ஆகியவை ஈரப் பிடிமானத்துக்கென்றே செய்யப்படுபவை. ஒரே நிறுவனத்தின் எல்லா மாடல்களிலும் அவை இருக்காது, ஆகவே மாடலைப் பார்த்து வாங்க வேண்டும்.

புதிது வாங்கும் முன் இருப்பதைச் சோதியுங்கள். அடி ரப்பரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகத்தடம் விழுந்து மெல்ல மறைந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. தடமே விழவில்லை என்றால் இறுகிப்போய்விட்டது. ஓடாமல் அலமாரியில் சில வருடம் கிடந்த ஷூவுக்கும் இது நடக்கும். அடுத்து, வீட்டு வாசல் டைல்ஸில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு, உடல் எடையைப் பாதி கொடுத்து பாதத்தை முன்னால் தள்ளிப் பாருங்கள். உங்களிடம் இரண்டு ஜோடி இருந்தால் ஒரு காலுக்கு ஒன்றாகப் போட்டு ஒப்பிடுங்கள், வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். முன்பாதத்தின் கோடுகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தால், நுரை இன்னும் நன்றாக இருந்தாலும், அந்த ஜோடியைக் காய்ந்த நாட்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். அதற்கு நேர்மாறாக, கடையிலிருந்து வந்த அன்றே ஷூவை மழையில் போடுவதும் தவறு. அச்சிலிருந்து எடுத்த ரப்பரின் மேல் ஒரு பளபளப்பு இருக்கும், அது தேய இருபது, முப்பது கிலோமீட்டர் காய்ந்த சாலையில் ஓட வேண்டும். அவசரமென்றால் உப்புத்தாளால் லேசாக, பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்துக்கொள்ளலாம்.

ஷூவுக்குள் கால் வழுக்கினாலும் பிடிமானம் போனதாகத்தான் உணர்வீர்கள். பருத்திக் காலுறை தண்ணீரைக் குடித்துச் சுருண்டுகொள்ளும், பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்தது வேண்டும். மேலே காலியாக விட்டிருக்கும் கடைசி ஓட்டையிலும் நாடாவைக் கோத்துக் கட்டினால் குதிகால் எழும்பாது. நனைந்த நாடா தானாக அவிழும், எனவே இரட்டை முடிச்சு. நீர் புகாத மேல்துணி கொண்ட ஷூ நம் ஊர் மழைக்கு உதவாது. கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அதிலேயே தங்கிவிடும். சாதாரண வலைத்துணியே மேல்.

இருட்டில் தெரிவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் விழுந்த காயம் ஆறிவிடும், வண்டி மோதினால் அப்படி இல்லை. நவம்பர், டிசம்பரில் சென்னையில் சூரியன் 6 மணிக்கு மேல்தான் உதிக்கிறது. 5 மணிக்குக் கிளம்பினால் உங்கள் ஓட்டத்தின் பெரும்பகுதி இருட்டு. அந்த நேரத்தில் பளீரென்ற எலுமிச்சை மஞ்சள் டி-ஷர்ட் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது. அந்த நிறம் பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் ஒளிர்கிறது. ஹெட்லைட்டில் அந்தக் கதிர் போதுமான அளவில் இல்லை. இருட்டுக்கு வேண்டியது, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டை.

ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு வினாடியில் 14 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைப் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆனால் 21 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் அதன் பிறகு நிற்க 14 மீட்டர் போதும், ஈரச் சாலையில் 25 மீட்டர் வரை ஆகும். மொத்தம் 45 மீட்டருக்கு மேல். கறுப்பு உடையில் ஓடுபவர் தாழ்ந்த ஹெட்லைட்டில் பெரும்பாலும் அதைவிட நெருக்கமாக வந்த பிறகே தெரிவார். மழையில் கண்ணாடியில் நீர், எதிர் வண்டியின் கூச்சம், சாலையே கண்ணாடி போல விளக்குகளைத் திருப்பிக் காட்டுவது என்று எல்லாம் சேர்ந்து அதையும் குறைத்துவிடும்.

பட்டையை எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம். நெஞ்சில் மட்டும் இருக்கும் பட்டை ஓட்டுநருக்கு ஒரு வெளிச்சக் கோடாகத் தெரியும், அது கம்பமா பலகையா என்று யோசிக்க நேரம் ஆகும். கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டிய பட்டை மேலும் கீழும் ஆடும்போது, மனிதன் ஓடுகிறான் என்று கண் உடனே கண்டுகொள்ளும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வெஸ்ட்டை விட்டுவிட்டு இரண்டு கணுக்கால் பட்டைகளை வாங்குங்கள். முதுகில் சிவப்பு மினுக்கு விளக்கு ஒன்று, முன்னால் வெள்ளை விளக்கு ஒன்று. விளக்கின் நீர்த்தடுப்புக் குறியீட்டில், சாரலுக்கு IPX4 போதும், கொட்டும் மழைக்கு IPX7 என்று போட்டிருப்பது நல்லது. வெள்ளை விளக்கை நெற்றியில் கட்டினால் மழைத்துளிகள் ஒளியைக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். இடுப்பிலோ கையிலோ வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும், வெளிச்சம் தாழ்வாகப் போவதால் பள்ளங்களின் நிழலும் தெளிவாக விழும்.

இடப்பக்கம் வண்டி போகும் நாட்டில் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்கொண்டு ஓடுவதுதான் சரி. ஆனால் நம் ஊரில் அதே ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் பைக் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும், அதனால் பின்விளக்கைத் தவிர்க்க முடியாது. மழை நாளில் காதில் இயர்போன் வேண்டாம். வழியையும் மாற்றுங்கள்: 10 கிலோமீட்டரை ஒரே நீளமாக ஓடாமல், நல்ல தார் உள்ள 2 கிலோமீட்டர் சுற்று ஒன்றை எடுத்து, முதல் சுற்றை மெதுவாக ஓடி மூடிகள், பட்டைகள், தேங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு மீதி நான்கு சுற்றை ஓடுங்கள். அடி தெரியாமல் தேங்கிய தண்ணீருக்குள் ஒரு அடிகூட வைக்க வேண்டாம். அடியில் திறந்த மூடி இருக்கலாம், மின்பெட்டிக்குப் பக்கமானால் கரண்ட் இறங்கியிருக்கலாம். இன்டர்வல், டெம்போ போன்ற வேகப் பயிற்சிகளைக் காய்ந்த நாளுக்கோ டிரெட்மில்லுக்கோ தள்ளிவிடுங்கள். இடி கேட்டால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

கடைசியாக, பட்டை வாங்கியதும் ஒரு சோதனை. கண்ணாடி மணிகள் வெளியே தெரியும்படி ஒட்டிய மலிவான பட்டைகள் காய்ந்திருக்கும்போது பளிச்சென்று இருக்கும், நனைந்ததும் மங்கிவிடும், ஏனென்றால் மணியின் மேல் நிற்கும் நீர்ப்படலம் ஒளி திரும்பும் பாதையைக் கெடுத்துவிடுகிறது. மேலே பிளாஸ்டிக் மூடிய, உள்ளே தேன்கூடு போலக் கட்டம் தெரியும் பிரிஸ வகை நனைந்தாலும் அதிகம் மங்காது. பட்டையை நன்றாக நனைத்து இருட்டில் ஒரு நாற்காலியில் கட்டுங்கள். முப்பது அடி தள்ளி நின்று, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். டார்ச்சைத் தள்ளிப் பிடித்தால் நல்ல பட்டையும் மங்கலாகத்தான் தெரியும், ஒளி உங்கள் கண்ணுக்கு வராது. நனைந்த பட்டை காய்ந்த பட்டையைவிட வெகுவாக மங்கினால் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்ற வகையை வாங்குங்கள். பலமுறை துவைத்த பட்டையையும் சீசன் தொடங்கும்போது இதே மாதிரி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.